சேறு படிந்த கோடு

பெஸ்தாரி ஜெயா

அன்பு நண்பா,

நலம்தானே? மூட்டுவலி குறைந்ததா? போன திங்கட்கிழமை நம் தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் பேசினேன். நாம் தூண்டில் போட்ட அந்தப் பாயா நினைவிருக்கிறதா, செம்பனைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் சதுப்பு நிலம்? அதைப் பற்றித்தான்.

பிள்ளைகள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஏற்கெனவே ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். அதில் பாயா ஒரு ஹெக்டர்தான். வெயில் காலத்துப் படம். அதோடு, செம்பனை மட்டைகளுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மேலிருந்து தெரியாது. பெருமழை விட்ட மறுநாள் ஆசிரியரும் நானும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு ஓரத்தைச் சுற்றி நடந்தோம். செம்பனை அடிமரங்களில் முழங்கால் உயரத்துக்குச் சேறு படிந்து கோடாய் நின்றது. ஒரு சிறுமி விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஈரமா இருக்கு ஐயா" என்றாள். அந்தக் கோடு இறங்கித் தரையைத் தொடும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனோம். மூன்று ஹெக்டர் வந்தது!

சபையில் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். தண்ணீர் ஏறியது அரை மீட்டர். மூன்று ஹெக்டரை அதால் பெருக்கலாமா என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "ஓரத்துல ஆழம் இருக்காதே ஐயா" என்றான். அவனை அப்படியே தூக்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவாக இரண்டு ஹெக்டர் என்று வைத்தால் 10,000 கன மீட்டர். பத்து ஹெக்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீர் அது. ஓரத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் இந்தத் தண்ணீர் லயத்துப் பக்கம்தான் திரும்பும்.

ஆனால் நிறைந்த பாயாவில் இடம் இருக்காது. 2021 டிசம்பரில் விடாமல் கொட்டியதே, அப்படிப்பட்ட மழைக்கு முதல் நாள் பிடித்ததுதான் மிச்சம். அதனால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட கம்பை நட்டிருக்கிறோம். மழைக்கு முன்னால் இன்னும் எவ்வளவு இடம் காலி என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மின்மினியைச் சொன்னதும் சின்னப் பிள்ளைகள்கூட நிமிர்ந்தார்கள். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்தில் மின்னுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதன் புழு வளர்வது அந்த மரத்தில் இல்லை, ஆற்றோரத்து ஈர மண்ணில், நத்தையைத் தின்று. மின்னும் மரங்களை மட்டும் வரைபடத்தில் குறித்தால் அது வளரும் நிலம் விடுபட்டுப்போகும். விடுபடுவது பெரும்பாலும் இதே மாதிரி மழைக்கு நனைந்து காயும் ஓரம்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் சின்ன வயதில் வந்த பெருவெள்ளத்தில் உங்கள் லயத்து வீட்டுப் படி எத்தனை மூழ்கியது? அந்தப் படிகள் இன்னும் இருக்கின்றன. நீ எழுதினால் பிள்ளைகள் அளந்து வரைபடத்தில் மூன்றாவது கோட்டையும் போட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்