ஸ்வைப் கணக்கு கேட்கும் என் மேலாளருக்கு

வணக்கம் சார்,

அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும் என்று மெயில் வந்தது. நான்கு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டோம். நேரில் கேட்டபோது, "மேலிடத்து முடிவு, என் கையில் ஒன்றுமில்லை" என்றீர்கள். ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒத்திகைபோல எல்லோரையும் வரச் சொன்னீர்களே, அன்று நடந்தது நினைவிருக்கிறதா? நம் அணியில் பதினொரு பேர். அதில் நான்கு பேர் வேறு ஊர்க் கிளைகளில். அதனால் காலைக் கூட்டம் எப்படியும் ஆன்லைனில்தான். மீட்டிங் ரூம் கிடைக்காமல் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு லேப்டாப்பில் சேர்ந்தோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மைக்கைத் திறந்ததும் காதைக் கிழிக்கும் கீச்சொலி. பிறகு, பக்கத்து நாற்காலிக்காரர் பேசியதை நேரில் ஒரு தடவையும், ஹெட்போனில் கொஞ்சம் தாமதமாக இன்னொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஸ்வைப் கணக்கில் மட்டும் அன்று ஏழுக்கு ஏழு!

அலுவலகமே வீண் என்று சொல்ல வரவில்லை. அன்று மதியம், புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு நாளாக ஒரு எரரோடு மல்லுக்கட்டுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. கான்ஃபிக் ஃபைலில் பழைய டெஸ்ட் சர்வரின் முகவரி இருந்திருக்கிறது. "உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சேன்" என்றாள். வீட்டிலிருந்து அவள் கேட்டிருக்கவே மாட்டாள். ஆனால் இதற்கு ஐந்து நாள் வேண்டாம் சார்.

2024இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. அதிகம் தங்கியது பெண்களும், தூரத்திலிருந்து வருகிறவர்களும், மேலாளர் பதவியில் இல்லாதவர்களும். நம் ஏழு பேரில் எத்தனை பேர் இந்தப் பட்டியலில் வருவோம் என்று உங்களுக்கே தெரியும். இந்த ஆய்வைக் காட்டி முழு நேரமும் வீடே வேண்டும் என்று கேட்க முடியாது. நானும் கேட்கவில்லை.

அந்த மெயிலின் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். அணியின் தேவையைப் பொறுத்து மேலாளர் விலக்குக்குப் பரிந்துரைக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. ஏழு பேரும் ஒன்றாக வரும் இரண்டு நாளைக் குறியுங்கள், அந்த நாட்களுக்கு மீட்டிங் ரூமை முன்பே பிடித்து வையுங்கள். புதியவர்களை அனுபவசாலிகள் பக்கத்தில் உட்கார வையுங்கள். வெளியூர்க் கிளைகளோடு பேசும் கூட்டங்கள் வீட்டு நாட்களுக்குப் போகட்டும்.

பரிந்துரையை நானே எழுதி நாளைக்கு அனுப்புகிறேன். திருத்தம் இருந்தால் திருத்திவிட்டு உங்கள் பெயரில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோர வரிசையில் மூன்றாவது நாற்காலி