முடிவுரையில் கோடையையும் எழுத விடுங்கள்

திட்ட ஒப்புதல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சாத்தியக்கூறு ஆய்வறிக்கை எழுதுவது என் பிழைப்பு. உங்களுக்கு அனுப்பிய ஓர் அறிக்கையின் முடிவுரையை இப்போது திருத்தி எழுதுகிறேன். அது ஏன் முதலிலேயே இப்படி எழுதப்படவில்லை என்பதற்கு என்னிடமும் பதில் இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது.

ஒரே ஆழ்துளைக் கிணற்றை நம்பிய குடிநீர்த் திட்டம் அது. விநாடிக்கு 8 லிட்டர் வீதம் நாளுக்கு 20 மணி நேரம் நீர் வேண்டும். மழைக்காலம் முடிந்த கையோடு, அதே அளவில் 72 மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பார்த்தோம். தொடங்கும்போது 12 மீட்டர் ஆழத்தில் நின்ற நீர் 26 மீட்டருக்கு இறங்கியது. மோட்டார் இருப்பது 40 மீட்டரில். இன்னும் 14 மீட்டர் கையிருப்பு என்று எண்ணி, “நீர் ஆதாரம் போதுமானது. திட்டம் தொழில்நுட்ப ரீதியாகவும் நிதி ரீதியாகவும் சாத்தியமானது” என்று முடித்துவிட்டேன்.

பொய் எதுவும் இல்லை. ஆனால் அறிக்கையின் உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது. கடைசி இரண்டு நாளிலும் நீர் நிற்கவில்லை, 1.4 மீட்டர் இறங்கியது. நேரத்தை மடக்கை அளவில் குறித்தால் அந்த இறக்கம் நேர்கோடாக வரும். நேரம் பத்து மடங்கானால் 3 மீட்டர் இறக்கம். அதே கோட்டை மழையில்லாத 100 நாள் வரை நீட்டினால் இன்னும் சுமார் 4.6 மீட்டர் போய், நீர் 31 மீட்டரைத் தொடும். மோட்டாருக்கு மேலே 4 மீட்டராவது நீர் நிற்க வேண்டும் என்பதால் எல்லை 36 மீட்டர். மிச்சம் 5 மீட்டர்தான். (தினமும் நான்கு மணி நேரம் ஓய்வு கிடைப்பதால் இது கொஞ்சம் கடுமையான கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன்.)

அந்த 5 மீட்டர் கோடைக்குப் போதுமா? இறைக்கத் தொடங்கும் மட்டம் 12 மீட்டரிலிருந்து 17 மீட்டருக்கு இறங்கினாலே அது தீர்ந்துவிடும். இறைக்காமலே கோடையில் நீர் எவ்வளவு இறங்கும் என்று யாரும் அங்கே அளந்ததில்லை. எனக்கு அப்போதே தெரிந்த விஷயம் இது. முதல் வரைவில் எழுதவும் செய்தேன். “இந்த ‘ஆனால்’களை எடுத்துவிடுங்கள், குழுவுக்குக் குழப்பம் வரும்” என்று குறிப்பு வந்தது. உங்கள் படிவத்தில் இருப்பதும் சாத்தியம், சாத்தியமில்லை என்ற இரண்டே கட்டங்கள். சரி என்று எடுத்துவிட்டேன். அது என் தவறு.

இப்போது நான் எழுதும் முடிவுரை இது:

“திட்டத்தைத் தொடரலாம் என்பதே எங்கள் பரிந்துரை; ஆனால் குழாய் பதிப்புக்கான பணம் கோடைச் சோதனைக்குப் பிறகே விடுவிக்கப்பட வேண்டும். கோடையின் கடைசியில், இறைப்பதற்கு முன் நீர்மட்டம் 17 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. அப்போது 72 மணி நேரச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பொறுப்பு, திட்டப் பொறியாளர். 17 மீட்டரைத் தாண்டினால் இந்தப் பரிந்துரை செல்லாது. இரண்டாவது கிணற்றோடு கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். கிடைக்கும் நீர் விநாடிக்கு 6 லிட்டருக்குக் குறைந்தால் திட்டம் நட்டத்தில் ஓடும். கோடைச் சோதனையும் பதில் சொல்லாதவை இரண்டு: அடுத்தடுத்து மழை பொய்த்தால் நீர்மட்டம் எங்கே போகும் என்பது; கிணற்றுக்குள் நீர் வரும் முக்கியப் பாறைப் பிளவுக்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் வரத்து எவ்வளவு சட்டென்று குறையும் என்பது. பின்னது நடந்தால் மேலே சொன்ன நேர்கோட்டுக் கணக்கே உடைந்துவிடும்.”

இதில் நிபந்தனையையும் தெரியாததையும் நான் கலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிபந்தனை என்றால் ஒருவர் ஒரு தேதிக்குள் செய்து முடித்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடியது. “நீர் ஆதாரம் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும்” என்று எழுதினால் அது நிபந்தனையே இல்லை. எந்த அளவில் நிறுத்துவது என்று அதில் இல்லையே. மழை பொய்ப்பதோ யார் கையிலும் இல்லை. அதை நிபந்தனைப் பட்டியலில் போட்டால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற தோற்றம் வரும். மழை பொய்த்தால் திட்டம் எந்த இடத்தில் உடையும் என்று சொல்லி, தாங்குவதா வேண்டாமா என்ற முடிவை உங்களிடம் விட வேண்டும்.

அப்புறம் ஒன்று. “மேலதிக ஆய்வு தேவை” என்ற வரியை என்னைப் போன்றவர்கள் தப்பித்துக்கொள்ளவும் எழுதுவதுண்டு. அப்படி வந்தால் எந்த ஆய்வு, அதன் எந்த விடை பரிந்துரையை மாற்றும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியை நீங்களே அடித்துவிடலாம்.

படிவத்தில் “நிபந்தனையோடு” என்று மூன்றாவது கட்டம் ஒன்று சேருங்கள். அந்த நிபந்தனைகளை ஒப்புதல் ஆணையிலும் வார்த்தை மாறாமல் சேருங்கள். இல்லாவிட்டால் அவை அறிக்கையோடு அலமாரிக்குப் போய்விடும். திருத்திய பக்கத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். குழாய்க்கான பணம் அதற்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்த அறிக்கையை எழுதியவன்