சி ஷிப்டுக்குத் தேதி ஒன்றுதான்

காலடிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

ராஜா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 22 பேர் பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், அதற்குப் பக்கத்தில் வரிசையாக `########`. "ஓசூர் வந்து ஒரு வாரம்கூட ஆகலைம்மா, நைட் ஷிப்ட் கணக்கு முழுசும் என் தலையில கட்டிட்டாங்க" என்று நீ சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சத்தத்தைக் கேட்டபடி, உன் முதல் வரியை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்னால் பாதி காற்றில் போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கையால் போடு. கையால் வராத கணக்கை கம்ப்யூட்டரில் போட்டால், அது தப்பாகச் சொல்லும்போது உனக்குத் தெரியாது.

உன் முதல் ஆள் ராத்திரி 21:42-க்கு உள்ளே வந்திருக்கிறார், காலையில் 06:17-க்கு வெளியே போயிருக்கிறார். 6-லிருந்து 21-ஐக் கழிக்க முடியாது என்பதால்தான் உன் ஷீட் முழிக்கிறது. மணி 12 அடித்ததும் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது, வேலை செய்கிறவன் திரும்புவதில்லை. அதனால் வெளியே போன நேரத்தோடு 24-ஐக் கூட்டு. 06:17 என்பது 30:17 ஆகும். இதிலிருந்து 21:42-ஐக் கழிக்க வேண்டும். 17 நிமிடத்தில் 42 போகாது, ஒரு மணியைக் கடன் வாங்க வேண்டும். இங்கே கடன் வாங்குவது 100 இல்லை, 60. ஆக 30:17 என்பது 29:77. அதிலிருந்து 21:42 போனால் 8:35. சரிதானா என்று பார்க்க வேண்டுமானால் நள்ளிரவில் வெட்டிப் பார். 21:42-லிருந்து 12 மணி வரைக்கும் 2:18, அதற்குப் பிறகு 6:17, கூட்டினால் அதே 8:35.

கால்குலேட்டரில் 30.17-லிருந்து 21.42-ஐக் கழித்தால் 8.75 வரும். அதை எட்டே முக்கால் மணி என்று எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டே முக்கால் என்றால் 8:45, உண்மை 8:35. பத்து நிமிடம் கூடிவிட்டது. இன்னொரு ஆளுக்கு இதே தப்பு வேறு மாதிரி வரும்: 7 மணி 30 நிமிடத்தை 7.30 என்று எழுதி அப்படியே கூலியால் பெருக்கிவிடுவார்கள். அது 7.5. அந்த ஆளுக்கு 12 நிமிடக் கூலி போய்விடும். சம்பள ஷீட்டுக்குப் போகும்போது மட்டும் நிமிடத்தை 60-ஆல் வகுத்துப் புள்ளி வை. அதுவரைக்கும் நடுவில் இரட்டைப் புள்ளிதான் இருக்க வேண்டும்.

இனி இடைவேளை. உங்கள் இடத்தில் சாப்பாட்டுக்கு அரை மணி கழிக்கிறார்கள், டீ நேரம் கழிப்பதில்லை என்று சொன்னாய். 8:35-ல் அரை மணி போனால் 8:05. அவ்வளவுதான், முதல் ஆள் முடிந்தார். ஆனால் அந்த அரை மணியை எப்போது கழிக்கிறோம் என்பதில்தான் நான் ஒரு தடவை பெரிய தப்பு செய்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

டைம் ஆபீஸில் சேர்ந்த புதிது. ஏ, பி ஷிப்ட் கார்டுகளை மூத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சி ஷிப்ட், அதாவது நைட் ஷிப்ட், புதிதாக வந்தவளுக்கு. ரெஜிஸ்டரில் ஒரு தேதிக்கு ஒரு வரி இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், நள்ளிரவு வரைக்கும் உள்ள நேரத்தை முதல் தேதியிலும், அதற்குப் பிறகு உள்ளதை அடுத்த தேதியிலும் எழுதினேன். தேதி மாறிவிட்டதே, அதுதானே நியாயம் என்று நினைத்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் அரை மணி இடைவேளை கழிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் ஒவ்வொன்றிலும் கழித்தேன்.

சம்பளம் போட்ட மறுநாள் ஒரு மெஷின் ஆபரேட்டர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டைரி ஒன்றை எடுத்தார், பீடிக்கட்டு அகலம்தான் இருக்கும், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதில் அந்த வாரத்துக்கு ஆறே வரி. உள்ளே போன தேதி, வந்த மணி, போன மணி, சாப்பாடு அரை. என் ரெஜிஸ்டரில் அதே ஆறு இரவும் பன்னிரண்டு துண்டாகக் கிடந்தது. பன்னிரண்டு துண்டிலும் அரை அரை மணி கழித்திருந்தேன். அவர் சாப்பிட்டது ஆறு தடவை. நான் கழித்தது பன்னிரண்டு தடவை. ஒரு வாரத்தில் மூன்று மணி நேர உழைப்பு என் பேனாவால் காணாமல் போயிருந்தது.

அதோடு முடியவில்லை. அதில் ஒரு இரவு, காலை ஷிப்ட் ஆள் வராததால் அவரை 7:45 வரைக்கும் மெஷினில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 22:00-லிருந்து 7:45 வரைக்கும் 9:45, சாப்பாடு போக 9:15. அப்போது எங்கள் கணக்கில் ஒரு நாளைக்கு 9 மணிக்கு மேல் போனால் ஓ.டி., அதற்கு இரட்டைக் கூலி. ஆக அவருக்கு 15 நிமிடம் ஓ.டி. சேர வேண்டும். நான் வெட்டி எழுதியதில் ஒரு தேதிக்கு 1:30, மறு தேதிக்கு 7:15. இரண்டும் 9-ஐத் தொடவே இல்லை. ஓ.டி. என்ற ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் போய்விட்டது. இடைவேளையை ஒரே தடவை கழித்திருந்தாலும்கூட, இரண்டாக வெட்டியிருந்தால் அந்த 15 நிமிடம் வந்திருக்காது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது.

எங்கள் ஹெட் கிளார்க் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டப் புத்தகத்தை எடுத்து 57-ஆவது பிரிவைக் காட்டினார். ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், நள்ளிரவுக்குப் பிறகு அந்தத் தொழிலாளி வேலை செய்த நேரம் முந்தைய நாள் கணக்கில்தான் சேரும், அவருக்கு அடுத்த நாள் என்பது அந்த ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடங்கும் 24 மணி நேரம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆக 31-ஆம் தேதி ராத்திரி உள்ளே போன ஆளின் முழு இரவும் 31-ஆம் தேதிக்குத்தான், மாதம் மாறினாலும் சரி. இப்போது தொழிலாளர் சட்டங்களையெல்லாம் சேர்த்துத் தொகுப்பாக மாற்றிவிட்டார்கள். 9 மணி என்பது எங்கள் காலத்து வரம்பு, உங்கள் இடத்தில் ஓ.டி. எத்தனை மணியிலிருந்து என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். ஆனால் இரவை வெட்டாதே. வந்த தேதியில் ஒரே வரி.

ஆபரேட்டருக்குப் பாக்கி அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்ந்தது. அந்த ஷிப்டில் இருந்த மற்றவர்கள் கார்டுகளையும் எடுத்து மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினேன். அவர்களில் யாருமே கேட்கவில்லை. டைரி வைத்திருந்தவர் ஒருத்தர்தான்.

இப்போது உன் ஷீட்டுக்கு வருகிறேன். நான் ரிட்டயர் ஆவதற்கு முன் கடைசி சில வருடம் எக்செலில்தான் போட்டேன். A-யில் வந்த நேரம், B-யில் போன நேரம், C-யில் இடைவேளை இருந்தால் இப்படிப் போடு:

```
=MOD(B2-A2,1)-C2
```

எக்செலுக்கு ஒரு முழு நாள் என்பது 1. 06:17-லிருந்து 21:42-ஐக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, நேரத்தை அப்படிக் காட்டத் தெரியாமல்தான் அது `########` போடுகிறது. `MOD` அதோடு 1-ஐ, அதாவது ஒரு நாளை, கூட்டிவிடும். நாம் கையால் 24 கூட்டினோமே, அதேதான். பகல் ஷிப்ட் ஆளுக்கும் இதே சூத்திரம் சரியாக வரும்.

ஆறு நாளைக் கூட்டும்போது அந்தக் கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்று. சாதாரண `h:mm` வைத்தால் 24-ஐத் தாண்டியதை எல்லாம் மறைத்துவிடும். தினம் 8:05 வீதம் ஆறு இரவு 48:30. அது 0:30 என்று காட்டும். பார்த்த உடனே தப்பு என்று தெரிவதால் இதற்கு நான் பயப்பட மாட்டேன்.

பயப்பட வேண்டியது வேறு. உன் படத்தில் 11-ஆவது வரியைப் பார். வந்த நேரம் அதே 21:42, போன நேரம் காலி. பஞ்ச் பண்ண மறந்திருப்பார். அந்த வரியில் `MOD` போட்டால் `########` வராது, 1:48 என்று அழகாக ஒரு பதில் வரும். காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யம், அதாவது நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. 12 வரைக்கும் 2:18, அதில் அரை மணி போக 1:48. ஒருத்தன் சீக்கிரம் கிளம்பிப் போன மாதிரியே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் இதைப் போடு:

```
=IF(OR(A2="",B2=""),"",MOD(B2-A2,1)-C2)
```

இப்போது அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும், உன் கண்ணில் படும். ஒரு ஆள் ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் தொடர்ந்து பார்த்து 24 மணி நேரத்தைத் தொட்டுவிட்டாலும் `MOD` ஏமாற்றும், முழு நாளை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட வரிக்கு மட்டும் தேதியையும் நேரத்தையும் சேர்த்தே எழுதி நேராகக் கழித்துவிடு, பதில் வரும் கட்டத்துக்கும் `[h]:mm` வடிவம் வை.

C கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே இழுப்பில் 0:30 இழுத்து நிரப்பியிருக்கிறாய். மெஷின் நிற்கக் கூடாது என்று சாப்பாட்டுக்கு விடாமல் நிறுத்தி வைத்த ஆள் யாராவது இருந்தால் அவருக்கு அங்கே 0:00 போட்டு, சூப்பர்வைசர் கையெழுத்தை வாங்கி வை. எடுக்காத இடைவேளையைக் கழிக்கக் கூடாது.

11-ஆவது வரி ஆளுக்காக இன்றைக்கே கேட்டுக்குப் போ. செக்யூரிட்டியிடம் வெளியே போகிறவர்களின் நோட்டு இருக்கும், பஸ் ஏறினவர்கள் பட்டியலும் இருக்கும். அதில் கிடைக்கும் நேரத்தை எழுதி, பக்கத்தில் எங்கிருந்து எடுத்தாய் என்றும் எழுது. நாளைக்கு நீ ஷீட்டை அனுப்புவதற்கு முன் அதை முடித்துவிடு. முடிந்ததும் அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு அனுப்பு, நான் கையால் போட்டுப் பார்க்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா