மூலை பிரியாத ஒரு கருவிப் பெட்டி

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கிய அந்த மரப்பெட்டி ஓசூருக்குப் போய் ஓராண்டுகூட ஆகாத நிலையில் மூலை பிரிந்துவிட்டதற்கு நீ அதிகச் சுமை ஏற்றியதைக் காரணமாகச் சொல்லியிருக்கிறாய். அது காரணமில்லை, அம்மா. பிரிந்த மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைக் கவனித்தாயா? ஒன்றுகூட வளையவில்லை, மரமும் பிளக்கவில்லை. நெடும்பலகையின் முகத்தில் அடித்த ஆணி உள்ளே குறும்பலகையின் வெட்டுமுகத்தில்தான் இறங்குகிறது. அங்கே நார்கள் ஆணி போகும் திசையிலேயே படுத்திருப்பதால், அவை ஆணியைக் குறுக்கே கவ்விப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு முறை தூக்கி வைக்கும்போதும் சிறிது சிறிதாக நழுவி, ஒரு நாள் முழுவதும் வந்துவிடுகிறது.

உனக்கு வேறொரு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். செய்யும் முறையையும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த பெட்டியை நீயே செய்வாய்.

பெட்டியின் நீளம் 20 அங்குலம், அகலம் 9 அங்குலம், உயரம் 6 அங்குலம். நான்கு பலகைகளும் 6 நூல், அதாவது முக்கால் அங்குலம், கனமுள்ள தேக்கு. மூலைகளுக்குப் புறாவால் மூட்டு. நெடும்பலகைகளின் முனைகளில் வால்கள், குறும்பலகைகளின் முனைகளில் அவற்றுக்கிடையே புகும் முளைகள். வால் முனையில் விரிந்தும் அடியில் குறுகியும் இருப்பதால், குறும்பலகையைப் பெட்டியின் நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் அது வெளியே வராது. கீழே வைக்கும்போது அடிவாங்குவதும், கைப்பிடியின் இழுப்பைத் தாங்குவதும் குறும்பலகைகளே என்பதால்தான் வால்களை நெடும்பலகையில் வைக்கிறேன். சுமை கீழ்நோக்கி அழுத்தும்போது வால்கள் முளைகளின் மேல் அமர்ந்துகொள்கின்றன. பசை விட்டுப்போனாலும் மரத்தை மரம் தாங்கும்.

6 அங்குலம் என்பது 48 நூல். அதை 3, 12, 3, 12, 3, 12, 3 என்று பிரித்தால் மூன்று வால்கள் கிடைக்கும், கணக்கும் மீதமின்றி முடியும். சாய்வு ஆறுக்கு ஒன்று, அதாவது 6 நூல் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 1 நூல். இதைவிட அதிகம் சாய்த்தால் வாலின் கூர்மூலைகள் நார் குறுகி உடையும். வெகுவாகக் குறைத்தால் நேர்ப்பல்லைப் போல நழுவத் தொடங்கும்.

வால்களை முதலில் அறுத்துவிட்டு, அந்தப் பலகையைக் குறும்பலகையின் முனைமேல் வைத்து, கத்தி முனையால் சுற்றிக் கீறி முளைகளைக் குறித்துக்கொள். இரண்டையும் தனித்தனியாக அளந்து குறித்தவர்களுடைய மூட்டு பொருந்தி நான் பார்த்ததில்லை. வாளை எப்போதும் கோட்டின் கழிவுப் பக்கத்தில் வைத்து அறு. கோடு மரத்திலேயே நிற்கவேண்டும். உளியை ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் இறக்காதே. பாதி வரை ஒரு பக்கத்திலும், திருப்பிப் போட்டு மீதியை மறு பக்கத்திலும் பொளி, இல்லாவிட்டால் அடிப்பக்கம் சிம்பு பெயர்ந்துவிடும். பொருத்திப் பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறக்கிப் பார்த்தால் போதும். முழுவதும் இறக்கிக் கழற்றிய மூட்டு மறுமுறை தளர்ந்தே சேரும். கொட்டாப்புளியால் தட்டும்போது நடுவில் இறுக்கம் தெரிந்தால் நிறுத்திவிட்டுப் பார். மெருகேறி மினுங்கும் இடத்தை மட்டும் உளியால் சீவு.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட். அதைக் கீழிருந்து ஆணியடித்து ஒட்டவைத்தால் கருவிகளின் எடை முழுவதும் அந்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நான்கு பலகைகளிலும் உட்புறம், கீழ் விளிம்பிலிருந்து 5 நூல் விட்டு, 2 நூல் ஆழத்துக்குக் காடி, அதாவது நீளமான பள்ளம், எடுத்து அதற்குள் செருகுகிறேன். அந்த உயரம் கீழ் வாலின் அகலத்துக்குள் விழுகிறது என்பதைக் கவனி. குறும்பலகையில் காடியை முனை வரை ஓட்டலாம், வால் வந்து மூடிவிடும். நெடும்பலகையில் மட்டும் வாலின் அடியிலேயே நிறுத்தவேண்டும். அதையும் கடந்து ஓட்டிவிட்டால் வெளியே சதுரத் துளை தெரியும்.

இனிக் கைப்பிடி. இதில் நானே ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன் எனக்கென்று ஒரு பெட்டி செய்தேன். குறும்பலகையையே 12 அங்குலம் உயர்த்தி, மேலே கூம்பாகச் சீவி, துளையிட்டுக் கைப்பிடியைச் செருகினேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு நாள் சுமையோடு வண்டியிலிருந்து வெடுக்கென்று தூக்கியபோது, நெடும்பலகையின் மேல் விளிம்புக்கு நேராகக் குறும்பலகை கிடைமட்டமாக விரிந்துவிட்டது. மூலை மூட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. புறாவால் மூட்டுக்கு நார் கிடைமட்டமாக ஓடவேண்டும். செங்குத்தாக ஓடினால் முளைகள் பிஸ்கட் போல ஒடிந்துவிடும். கைப்பிடியோ பலகையை மேல்நோக்கி இழுக்கிறது, அதற்கு நார் செங்குத்தாக இருக்கவேண்டும். ஒரே பலகையில் இரண்டும் நடக்காது.

ஆகவே இந்தப் பெட்டியில் கைப்பிடியைத் தாங்க இரண்டு தனிக் கட்டைகள் வைக்கிறேன். ஒவ்வொன்றும் 11 அங்குல உயரம், இரண்டரை அங்குல அகலம், 1 அங்குலக் கனம், நார் செங்குத்து. அவை குறும்பலகைகளின் உட்புறத்தில் ஒட்டி நின்று, அடிப்பலகையின் மேல் கால் ஊன்றும். ஒவ்வொரு கட்டைக்கும் கால் அங்குலப் போல்ட்டு இரண்டு, இருபுறமும் அகலமான வாஷர். கீழ்ப் போல்ட்டைக் கட்டையின் அடிமுனையிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே போடு. அதற்குக் கீழே வந்தால் தூக்கும்போது போல்ட்டு நாரோடு மரத்தை உரித்துக்கொண்டு வெளியேறும். மேல்போல்ட்டின் துளையைக் கட்டையில் மட்டும் அரை நூல் நீளவாக்கில் அகட்டிவிடு. மழைக்காலத்தில் குறும்பலகை உயரவாக்கில் சற்றே உப்பும், கட்டை உப்பாது. அகட்டிய துளை இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று வெடிக்கும். இதே காரணத்தால் கட்டைக்கும் பலகைக்கும் நடுவே பசை தடவக் கூடாது.

கைப்பிடி ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள உருளை. அதன் முனைகளை 7 நூல் விட்டமாகக் கடைந்து கட்டைகளின் துளைகளில் நுழைத்து, ஆப்பு வைத்து இறுக்குகிறேன். ஆப்புக்கான வெட்டு கிடைமட்டமாக இருக்கவேண்டும். அப்போதுதான் ஆப்பு மேலும் கீழும், நாரின் போக்கில் அழுத்தும். செங்குத்தாக வெட்டி ஆப்பு அடித்தால் பக்கவாட்டில் நெருக்கிக் கட்டையையே பிளந்துவிடும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. மூட்டு முகங்களைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்த உடனே வெள்ளைப் பசையைத் தடவு. பசை இறுகும் முன் உள்மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பார். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் நீளமான குறுக்கை அழுத்தி நேராக்கலாம். மறுநாள் முடியாது.

காலிப் பெட்டியே ஏறக்குறைய 4 கிலோ வரும், உன் அம்மாவுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. உட்பக்க நீளம் பதினெட்டரை அங்குலம். இரு கட்டைகளுக்கும் இடையே பதினாறரைதான் இருக்கும். உன்னிடம் உள்ள பெரிய பைப் ரென்ச் படுக்கவைத்தால் அடங்குமா என்று அளந்து எழுது. இன்னும் நெடும்பலகைகளை அறுக்கவில்லை.

அன்புடன்
அப்பா