ஐடியில் ஒரு பெயர், பார்சலில் ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்காவில் விலை கூடிய சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவரும் கூரியர்காரர்கள் இப்போது ஐடி காட்டச் சொல்கிறார்கள், பார்சலில் உள்ள பெயரும் ஐடியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். இதனால் போன மாதம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் அம்மா தன் வீட்டு வாசலிலேயே பட்ட அவமானத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் லெனேசியாவில் இருக்கிறேன். அம்மாவின் பழைய போன் கெட்டுப்போனதால் 11,499 ரேண்டுக்கு ஒரு போன் ஆர்டர் செய்து, முழுப் பணத்தையும் அன்றே கட்டி, அம்மாவின் விலாசத்தைக் கொடுத்தேன். பெறுபவர் பெயர் என்ற இடத்தில், தெருவே அறுபது வருஷமாகக் கூப்பிடுகிற மாதிரி, அம்மாவின் கூப்பிடும் பெயரையும் அப்பாவின் குடும்பப் பெயரான Moodley என்பதையும் போட்டேன். மூன்றாம் நாள் வேன் வந்தது. பார்சலை வாங்கும்போது சொல்ல வேண்டிய ரகசிய பின் எண் என் போனுக்கு வந்தது, நான் அம்மாவுக்குச் சொன்னேன், அம்மா டிரைவரிடம் சொன்னார், அவருடைய கருவியும் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம்தான் ஐடி கேட்டார். அம்மாவின் ஐடியில் இருப்பது Pillay, அது அவர் பிறந்த வீட்டுப் பெயர். "பெயர் சேரவில்லை அம்மா, கொடுத்தால் என் வேலை போய்விடும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, "நான்தான் நான் என்று இந்த வயதில் நிரூபிக்க வேண்டுமா?" என்று அம்மா அன்று ராத்திரி போனில் அழுதது எனக்குத்தான் தெரியும்.

ஐடியில் ஏன் அப்பாவின் பெயர் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்குத் தாலி கட்டியது கோயிலில். கட்டி வைத்த ஐயர் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்ட திருமணப் பதிவாளர் இல்லை. சடங்கு மட்டும் நடந்த கல்யாணம் இந்த நாட்டுச் சட்டப்படி பதிவில் ஏறுவதில்லை, அதனால் ஹோம் அஃபேர்ஸ் ஏட்டில் அம்மா இன்றும் கல்யாணம் ஆகாதவர், பெயரும் மாறவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேருடைய கதை இது. இதோடு எழுத்துக் குழப்பம் வேறு. 1860இல் ட்ரூரோ கப்பல் வந்த நாளிலிருந்தே நம் பாட்டன்மார் சொன்ன பெயரைக் கேட்ட குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், அதனால் ஒரே முதலியார் என்ற பெயர் Moodley, Mudaly, Moodaley என்று பல விதமாக நிற்கிறது. என் சித்தப்பாவும் என் அப்பாவும் உடன்பிறந்தவர்கள், இருவர் ஐடியிலும் குடும்பப் பெயரின் எழுத்து வேறு. இப்படிப்பட்ட பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது.

ஐடி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருடிய கார்டில் ஆர்டர் போட்டுவிட்டு யாரோ ஒருவர் வீட்டு கேட்டுக்கு வெளியே காத்திருந்து பெட்டியை வாங்கிப் போவது இங்கே நடக்கிறதுதான். 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குபவர் கையில் ஏற்றுக்கொள்ளும்வரை சாமானின் பொறுப்பு விற்றவருடையது, அதனால் யாரிடம் கொடுத்தோம் என்பதற்கு அவர்களுக்கு அத்தாட்சி வேண்டும், நியாயம்தான். பின் எண் மட்டும் போதாது, ஏனென்றால் அது பணம் கட்டியவர் போனுக்கு வருகிறது, வாசலில் நிற்பவர் யார் என்று சொல்லாது. பேங்க் கார்டு என்றால் உரியவர்தான் வாங்க வேண்டும். சிம் என்றால் ரிகா சட்டப்படி ஐடியும் விலாசமும் பதிவாக வேண்டும். அங்கே கண்டிப்பாக இருக்கட்டும். ஆனால் சிம் இல்லாமல், முழுப் பணம் கட்டி, அன்பளிப்பாக வாங்கிய ஒரு போனுக்குப் பெயர் எழுத்தைப் பார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அது கம்பெனி தானே வைத்துக்கொண்ட விதி. அப்படியானால் மாற்றவும் முடியும்.

என் யோசனை, பெயரைப் பார்க்காமல் ஐடி எண்ணைப் பாருங்கள். நம் எண்ணில் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நான்கு வரிசை எண், பெண்களுக்கு 0000 முதல் 4999 வரை, ஆண்களுக்கு 5000 முதல் மேலே. பதினொன்றாவது குடியுரிமை, குடிமக்களுக்கு 0. பன்னிரண்டாவது அநேகமாக எல்லோருக்கும் 8. கடைசி இலக்கம் எண்ணைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு. சில இடங்களில் கடைசி நான்கு இலக்கம் கேட்கிறார்கள், அது நல்ல தேர்வு இல்லை, ஏனென்றால் அதில் நடுவில் வரும் 0, 8 இரண்டும் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றே, ஆளுக்கு ஆள் மாறுவது இரண்டு இலக்கம்தான், நூற்றில் ஒரு ஊகம் பலித்துவிடும். நடுவில் உள்ள அந்த நான்கு வரிசை இலக்கத்தை ஆர்டர் போடும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, டிரைவர் அசல் கார்டில் அதையும் முகத்தையும் பார்த்தால் போதும். பெயர் Moodley என்றிருந்தால் என்ன, Pillay என்றிருந்தால் என்ன? முழு எண்ணைப் பெட்டியின் மேல் அச்சடிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. அன்று டிரைவர் அம்மாவின் கார்டைத் தன் சொந்தப் போனில் படம் எடுக்கப் பார்த்தார், அம்மா கொடுக்கவில்லை. நல்லவேளை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா, தேவைக்கு மேல் தகவல் எடுக்கக் கூடாது என்கிறது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது வேறு, படம் எடுத்துக்கொண்டு போவது வேறு. அந்தப் படம் அப்புறம் எங்கே போகிறது என்று வாசலில் நிற்கும் ஒரு கிழவியால் எப்படிக் கேட்க முடியும்?

வண்டி ஏறிவிட்டால் பெயரை மாற்ற முடியாது என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொன்னார்கள், மோசடிக்காரர்கள் அப்படித்தான் மாற்றுவார்களாம். அதனால் பெட்டி கடைக்கே திரும்பி, என் பணம் பதினொரு நாள் கழித்து வந்தது. இரண்டாம் முறை நான் செய்தது இதுதான். அம்மாவை ஐடியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பெயர்களையும் குடும்பப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வைத்து, அப்படியே பெறுபவர் பெயரில் போட்டேன். வீட்டில் கூப்பிடும் பெயரைக் குறிப்புப் பகுதியில் மட்டும் எழுதினேன், ஏனென்றால் டிரைவர் ஒப்பிட்டுப் பார்ப்பது பெயர்ப் பகுதியை மட்டும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நிமிஷத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்குச் சாமான் அனுப்புகிற பிள்ளைகள் ஆர்டர் போடும் முன் ஒரு போன் போட்டு இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெயர் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் "ஐடியில் உள்ளபடி" என்று ஒரு வரி போடுங்கள், வீட்டில் இல்லாதபோது வாங்க இன்னொருவர் பெயரும் சேர்க்க இடம் கொடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அம்மா அன்று அழுதிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்தில் பிறந்த ஒரு வாசகி,
லெனேசியா