ஏற்காட்டில் விடுதி கட்டுகிறவர்களுக்கு: ஏரேஷன் டேங்க் அளவு பற்றி ஒரு திறந்த மடல்

விடுதி உரிமையாளர்களுக்கு வணக்கம்.

சேலத்திலிருந்து மலையேறி வந்து கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்க்கிறவன் நான். போன மே மாதம் ஒரு விடுதியில் ஞாயிறு காலை, காற்று ஊதி நுண்ணுயிர்களை வளர்க்கிற ஏரேஷன் டேங்கில் இருந்து ஒரு லிட்டர் ஜாடியில் தண்ணீர் பிடித்து அரை மணி நேரம் வைத்தேன். கசடு 900 மில்லி கோட்டிலேயே நின்றது, கீழே இறங்கவே இல்லை. காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டியது சாம்பல் நிறமாகி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

காரணம் டேங்கின் அளவு. நாளுக்கு 20 ஆயிரம் லிட்டர், எட்டு மணி நேரம் தங்கினால் போதும் என்று கணக்குப் போட்டு 7 கன மீட்டரில் கட்டிவிட்டார்கள். தண்ணீர் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் கழிவைத் தின்பது நேரம் இல்லை, டேங்கில் இருக்கிற நுண்ணுயிர்கள். கசடு என்பது அந்த நுண்ணுயிர்க் கூட்டம்தான்.

கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்கிற அளவு பிஓடி. சமையலறைத் தண்ணீரும் சேர்வதால் அது லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 6 கிலோ தீனி. இரவில் ஆள் நிற்காத சின்ன நிலையத்தில் ஒரு கிலோ கசடுக்கு நாளுக்கு 100 கிராம் தீனிதான் கொடுக்கலாம், அப்படியானால் 60 கிலோ கசடு வேண்டும். கன மீட்டருக்கு மூன்றரை கிலோவுக்கு மேல் கசடை அடைத்தால் அடுத்த தொட்டியில் அது படியாது. அறுபதை மூன்றரையால் வகுத்தால் சுமார் 17 கன மீட்டர். இப்போது தங்கும் நேரத்தைப் பாருங்கள், 20 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. சரி, அவர்கள் கட்டிய டேங்கில் 25 கிலோ கசடுகூட நிற்காது.

அப்புறம் காற்று. பிஓடி கிலோவுக்கு 2 கிலோ ஆக்சிஜன், ஆக நாளுக்கு 12 கிலோ. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், இங்கே ஒரு கன மீட்டர் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 230 கிராம்தான், கடல் மட்டத்தில் 280 இருக்கும். டேங்கின் அடியில் காற்றைக் குமிழியாக விடுகிற டிஃப்யூசரில் இருந்து கழிவுநீரில் கரைவது 8 சதவீதம் என்று பிடித்தால் மணிக்கு 27 கன மீட்டர் காற்று தேவை. இது நாள் முழுக்கச் சமமாகப் பிரித்த கணக்கு. காலையில் எல்லா அறையிலும் குளிக்கிற நேரத்தில் இரண்டு மடங்கு கேட்கும், அதனால் காற்று ஊதும் புளோயரை மணிக்கு 55 கன மீட்டருக்கு வாங்குங்கள், ஸ்பேர் ஒன்றும் சேர்த்து. சமவெளிக்குப் போட்ட புளோயர் கொட்டேஷனை அப்படியே மலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

இன்னொன்று, ஆள் எண்ணிக்கையைக் கோடை விழா சமயத்துச் சனிக்கிழமையில் எடுங்கள், வருட சராசரியில் இல்லை. முன்னால் ஒரு சேமிப்புத் தொட்டி கட்டி, பம்ப் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் காலை நெரிசல் பாதியாகும். டேங்கில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நிற்கிறதா என்று சனி, ஞாயிறு காலை 9 மணிக்கு அளந்து பாருங்கள், திங்கட்கிழமை அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.