கருத்துக்குச் செய்தியின் தலைப்பு வேண்டாம்: ஆசிரியபீடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியபீடத்தாருக்கும் இணையப் பிரிவினருக்கும்,

வணக்கம். கடந்த ஞாயிறு வெளியான எனது பத்தியைப் பற்றியே எழுதுகின்றேன். அச்சில் "பால் குடத்துக்குப் பூனை காவலா?" என்றிருந்த தலைப்பு, இணையத்தில் "பால்மா விலை மீண்டும் உயரும்" என்றாகியிருந்தது. விலை உயரும் என்று நான் எழுதவில்லை; விலையைத் தீர்மானிக்கும் பொறுப்பை இறக்குமதியாளரிடமே விட்டுவிடலாகாது என்றுதான் வாதிட்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளவத்தையில் நான் வழமையாகச் சாமான் வாங்கும் கடையில், கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் 400 கிராம் பால்மாப் பெட்டிகள் ஆறு கேட்டார். காசு போதாமல் இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். "விலை கூடப்போகுதாம் அண்ணை, பேப்பரிலயே போட்டிருக்கு" என்று அவர் நீட்டிய கைப்பேசியில் இருந்தது எனது பத்தியின் தலைப்பு. நான்தான் எழுதியவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அச்சில் பக்கத்தின் மேலுள்ள "கருத்து" என்ற சொல்லும் எனது படமும் வாசகரை எச்சரிக்கின்றன. தேடல் முடிவிலோ தலைப்பும் தளத்தின் பெயரும் ஓரிரு வரிகளுமே தெரிகின்றன. ஆகவே, அது கருத்து என்பதைத் தலைப்பே சொல்லியாக வேண்டும்.

பூனையையும் குடத்தையும் எவரும் தேடமாட்டார்கள் என்ற உங்கள் நியாயத்தை ஏற்கின்றேன். செய்தித் தலைப்பில் நடந்தது இருக்கும், தேடுபவர் தட்டச்சிடும் சொல்லும் இருக்கும். பத்தித் தலைப்பில் பெரும்பாலும் இரண்டும் இரா. அதற்காகப் பத்திக்குச் செய்தியின் வேடம் போடலாமா? மரண அறிவித்தலைத் திருமண அறிவித்தலென்று போட்டால் இன்னும் கூடுதலானோர் திறந்து பார்ப்பார்களே! மன்னிக்கவும், விடயத்துக்கு வருகின்றேன்.

தேடலுக்கான தலைப்பும் பக்கத்தில் தெரியும் தலைப்பும் ஒன்றாகவே இருக்கவேண்டியதில்லை:

```html
<title>கருத்து: பால்மா விலைக்குக் காவல் யார்?</title>
<h1>பால்மா விலை: பால் குடத்துக்குப் பூனை காவலா?</h1>
```

கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் "கருத்து" முதலிலேயே நிற்கவேண்டும். இரண்டும் அடியோடு வேறுபட்டால் கூகுள் முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதைக் காட்டவும் கூடும். ஆகையால் "பால்மா விலை" இரண்டிலும் இருக்கட்டும். பக்கத்தின் நிரலில் `OpinionNewsArticle` என்று குறிப்பதும் நல்லதே, ஆனால் அது இயந்திரத்துக்கான குறிப்பு. கடையில் நின்ற அந்தத் தாயின் கண்ணில் படாது.

கருத்துக்குச் செய்தியின் தலைப்பைச் சூட்டாதீர்கள் என்பதே எனது கோரிக்கை. நீங்கள் இன்று திருத்தினாலும், கூகுள் அப்பக்கத்தை மீண்டும் வந்து படிக்கும்வரை பழைய தலைப்பே தேடலில் நிற்கும். அதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம். எனவே தலைப்பை மாற்றி, Search Console ஊடாக மீள்வாசிப்புக் கோரி, பத்தியின் உச்சியில் ஒரு வரித் திருத்தக் குறிப்பையும் இன்றே இடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பத்தியாளர்களுள் ஒருவன்,
கொழும்பு